மூன்று புள்ளியும் ஒரு 'வில்லை'யும்

விழுப்புரத்தில் டிபன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய், அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் நொட்டை சொல்வதுதான் என் வேலை. எனக்கு அது கைவந்த கலை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அன்று எதிர் சீட்டுக்காரர் ஒரு மாற்றத்தைப் பார்க்கக் கொடுத்தார். திண்டிவனத்து ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று போனுக்கு அனுப்பும் ரிப்போர்ட் பக்கம் அது. சின்னத் திரையில் முடிவுகள் இரண்டு மூன்று வரியாக மடங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே வரி, நீண்டால் வெட்டி மூன்று புள்ளி வை என்று, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டில் எழுதிவிட்டார்.

"ஜல்தி ஓகே பண்ணுங்கக்கா. அம்மாவுக்கு மூணு நாளா காய்ச்சல், காலையில அங்கதான் ரத்தம் குடுத்திருக்காங்க. டெங்குவா இருக்குமோன்னு பயந்துக்கினு தனியா இருக்காங்க. சாயங்காலம் ரிப்போர்ட் வருது, இதுல வந்தா பளிச்சுனு இருக்கும்."

திரையை எவ்வளவு குறுக்கினாலும் பக்கம் அழகாகவே இருந்தது. மாதிரிக்கு அவர் போட்டிருந்த முடிவெல்லாம் 'நெகட்டிவ்' என்ற ஒற்றைச் சொல். அதில் எது உடையும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா தமிழில்தானே பார்ப்பார்? ரிப்போர்ட்டில் வர வேண்டுமென்று நிலையத்து டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த தமிழ் வாக்கியத்தை அந்த இடத்தில் போட்டேன். மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

'டெங்கு தொற்று கண்டறியப்பட…'

அவர் முகம் வெளிறிவிட்டது. தமிழில் 'இல்லை' என்பது கடைசியில்தான் வரும். வெட்டினால் முதலில் போவதும் அதுதான்.

வெட்டுவதையும் புள்ளிகளையும் எடுத்தோம். குறுகிய திரையில் பரிசோதனையின் பெயருக்குக் கீழே முடிவு வரட்டும், வரியில் அடங்காத சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகட்டும் என்று மாற்றினோம். எழுத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன்.

"அசிங்கமா இருக்குதுக்கா."

"இருக்கட்டும். முழுசா இருக்குதில்ல?"

புதிய பக்கம் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரிப்போர்ட் வந்தது. சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். மகன் ஸ்பீக்கரில் போட்டார். போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருப்பவர், எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"டெங்கு... தொற்று... கண்டறியப்பட..."

நின்றுவிட்டது.

"அம்மா, கீழ வரி! கீழ வரி பாரும்மா!"

"கத்தாதடா. கண்ணாடிய தொடச்சிக்கினு இருக்கேன்."

அந்தக் கண்ணாடியில் அப்படி என்னதான் அழுக்கோ!

"...வில்லை."

மகன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி.

"ஏன்டா, 'டெங்கு இல்ல'ன்னு போட்டா ஆவாதா?"

அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.