ஆயுள் வரைக்கும் இரண்டு காணி

காலை ஒன்பதரை மணி. திண்டிவனத்தில் வக்கீல் வீட்டுத் தாழ்வாரத்தில் முதலில் கண்ணில் பட்டது, பெஞ்சு காலியாக இருந்தும் உட்காராமல் நடந்துகொண்டிருந்த ஒரு பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோர்ட்டுச் செய்தி கேட்க நான் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர். அண்ணன் உயில் எழுதி இரண்டு காணி புன்செயை அவருக்கு விட்டிருந்தார். அவர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், பிறகு நிலம் அண்ணன் மகனைச் சேரும். அந்த அண்ணன் மகன் வீட்டில்தான் அப்போது அவருக்குச் சோறு. நிலத்தை விற்று, மகள் இருக்கும் விழுப்புரத்தில் சொந்தமாக ஓர் அறையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"புதுச் சட்டத்துல பொம்பளைங்க நெலமெல்லாம் அவங்களுக்கே முழுசா ஆயிடுச்சுன்றாங்களேங்க" என்றார்.

புருஷன் சொத்து வாரிசாக வந்திருந்தால் அப்படித்தான் என்றார் வக்கீல். இது அண்ணன் எழுதிக் கொடுத்தது. ஆயுளுக்கு மட்டும் என்று உயிலிலேயே இருக்கிறது. சட்டம் அதை மாற்றவில்லை. அண்ணன் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் முழு நிலத்தையும் விற்கலாம்.

மறுவாரம் அந்த அம்மாள் அண்ணன் மகனை அழைத்துவந்தார். அவன் பெஞ்சில் சாய்ந்துகொண்டான். "எப்டியும் எனக்குத்தான வரப்போவுது அத்தே. நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

அத்தை வக்கீல் பக்கம் திரும்பினார். தன் ஆயுள் உரிமையை மட்டும் விற்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் வாங்குகிறவருக்கும் அது அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்வரைதான் என்றார் வக்கீல்.

ஒரு மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை மூட்டை வாங்கி விற்பவர், முன்வந்தார். விஷயம் புரிந்ததும் தாழ்வாரத்தில் நடப்பது அவர் வேலையாயிற்று.

"அந்தம்மா நாளைக்கே போய்ட்டாங்கன்னா?"

"நாளைக்கே நெலமும் போயிடும்" என்றார் வக்கீல். அந்த அம்மாள் எதிரில்தான் நின்றிருந்தார்.

வியாபாரி விலையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். அதற்கும் முன்னால் அந்த அம்மாளை டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். டாக்டர் நாடி பார்த்தார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார், நெஞ்சில் குழலை வைத்தார். வியாபாரி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மாடு வாங்கறவன் மாதிரி பல்லையும் பாத்துக்கய்யா" என்றார் அந்த அம்மாள்.

டாக்டர் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆயுட்கால அனுபவ உரிமை மட்டும் என்று பத்திரம் பதிவாயிற்று. கிடைத்த பணத்துக்கு விழுப்புரத்தில் ரயில் பாதை ஓரமாக ஓட்டு அறை ஒன்று அமைந்தது.

பிறகு வியாபாரியை விழுப்புரம் பஸ்ஸில் அடிக்கடி பார்த்தேன். கையில் ஆரஞ்சுப் பழம் இருக்கும், அல்லது டானிக் பாட்டில். மழைக்காலத்தில் ஒருமுறை கம்பளி வாங்கிக்கொண்டு போனார். அந்த அம்மாளுக்கு இருமல் என்று யாரோ சொன்னார்களாம். வண்டி நகரும்வரை வியாபாரி இருக்கையில் நிலைகொள்ளவில்லை. அண்ணன் மகனும் அத்தையைப் பார்க்க வந்துபோவதாகக் கேள்விப்பட்டேன். வெறுங்கையோடு.

நாலு வருஷம் கழித்து வியாபாரி மாரடைப்பில் இறந்தார். நிலத்தை அவருடைய மகன்கள் பயிரிட்டார்கள். ஆரஞ்சுப் பழத்தை மூத்தவன் கொண்டுபோனான்.