எல்லோரும் இறங்கியாயிற்று

நாமக்கல்லில் ஒரு லாரி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், மூன்றாவது மாடியில் நான் கணக்கு பார்க்கிறேன். சிறு வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிவிட்டது. லிஃப்டில்தான் ஏறி இறங்குவேன். தீப்பிடித்தால் லிஃப்டில் போகக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது நான் எப்படி இறங்குவது என்றுதான் யாருக்கும் தெரியாது. கேட்டால், "உங்கள உட்டுட்டுப் போயிருவமாங்கக்கா?" என்பார் மேனேஜர்.

போன மாதம் தீ ஒத்திகை வைத்தார்கள். தீயணைப்பு நிலைய அதிகாரி பார்க்க வந்திருந்தார். மணி அடித்ததும் நான் ஊன்றுகோலை எடுத்தேன்.

"நீங்க எதுக்குக்கா செரமப்படறீங்க? உக்காருங்க, இது சும்மாதானே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஓடினார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள் என்று சுவரில் இரண்டு பேருடைய படங்கள் தொங்குகின்றன. ஒருவர் ஓமலூர்க் கிளைக்கு மாறிப்போய்விட்டார். இன்னொருவர் வேலையையே விட்டுவிட்டார். அவர்களுக்குப் பதிலாக யாரையும் பயிற்சிக்கு அனுப்பவில்லை. படங்களும் நானும்தான் மாடியில் மிச்சம்.

ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்க வைத்துத் தலை எண்ணினார்கள்.

"எல்லாரும் எறங்கியாச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆச்சுங்க சார். ஒருத்தரும் பாக்கியில்லீங்க" என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இன்னும் மேலதான் இருக்கறேனுங்க!" என்று கத்தினேன்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். படியேறி வந்தார். பின்பக்க அவசர வழிக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது, கதவில் பூட்டுத் தொங்கியது. தென்மேற்கில் கதவு திறந்திருந்தால் தொழிலுக்கு ஆகாதென்று வாஸ்துக்காரர் சொன்னதிலிருந்து சாவி முதலாளி வீட்டில் இருக்கிறது.

"ஆளிருக்கற நேரத்துல இதைப் பூட்டவே கூடாதுங்க. தள்ளுனாத் தொறக்கோணும்" என்றார் அதிகாரி. "நடக்க முடியாதவங்கள எறக்க ரெண்டு பேரை முன்னாடியே சொல்லி வெச்சு, தூக்கப் பழக்கோணும். முதலுதவிக்கும் ஆளுங்களைப் பயிற்சிக்கு அனுப்புங்க. இந்த ஒத்திகை செல்லாது. வெள்ளிக்கிழமை மறுபடி வாரேன்."

அவர் போனதும் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். இனியாவது இரண்டு பேரைச் சொல்லி வைப்பார் என்று நினைத்தேன்.

"அக்கா, வெள்ளிக்கெழமை நீங்க லீவு எடுத்துக்கங்க. சம்பளம் புடிக்க மாட்டோம்" என்றார், பெரிய மனசோடு.

"நெசமாத் தீப்புடிக்கற அன்னிக்கும் முன்னாடியே சொல்லிருங்க. அன்னிக்கும் லீவு போட்டுக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னதாகவே அலுவலகம் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.