அக்காவின் முழங்காலும் என் மரஸ்கேலும்

எதற்கும் ஒத்திகை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணத்துக்குப் போவதென்றால் முந்தின நாளே மண்டபத்துக்குப் போய் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். "மோட்சத்துக்குக் கூப்புட்டாலும் இவரு ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துதான் சாவாரு" என்று என் மனைவி சொல்வாள். சொல்லட்டும். ஒத்திகை பார்க்காமல் போன இடங்களில் எல்லாம் நான் மாட்டிக்கொண்டு முழித்ததுதான் மிச்சம்.

அக்கா விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகி நாலு மாதம் ஆகியிருந்தது. தையல் ஆறிவிட்டது, வீக்கம் வடிந்துவிட்டது, கைத்தடியும் பேருக்குத்தான். ஆனால் வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தரம் கடைத்தெருவில் கால் மடங்கி விழுந்து, ஊரே கூடித் தூக்கிவிட்டது. அந்த வெட்கமும் பயமும் போகவில்லை. "கால்ல இனிமே ஒண்ணும் இல்லீங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க, இப்படியே குந்தியிருந்தா மறுபடியும் விறைச்சிப் போயிடும்" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிவிட்டாள்.

அக்கா மகன் எனக்குப் போன் செய்தான். "மாமா, நீங்க பாண்டிக்குக் கூப்புட்டா வருவாங்க. நாலு நாளு எங்கியாவது சுத்திக் காட்டுங்க."

கூப்பிட்டேன். அக்கா ஒரே போடாகப் போட்டாள்.

"வந்து இன்னாடா பண்றது? என்ன ஒரு பெஞ்சுல குந்த வெச்சிட்டு நீங்கல்லாம் சுத்துவீங்க. நான் ஒங்க பையெல்லாம் வெச்சிகினு காவலு இருக்கணும். அதுக்கு நான் இங்கியே எங்க வூட்டு கேட்டுக்குக் காவலு இருந்துட்டுப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "பை காவலே கெடையாதுக்கா. நாங்க இன்னா பண்றமோ அத நீயும் பண்ற. இல்லன்னா யாரும் பண்றதில்ல" என்று வாக்குக் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அவள் வராமல் போனால் அந்த வீட்டுக் கூடத்திலேயே அவள் காலம் முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. வந்து ஏதாவது ஓரிடத்தில் தடுக்கி விழுந்தாலோ, அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஒத்திகை.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனில் எல்லாம் கேட்டுக்கொண்டேன். கால் புதைகிற மணலில் நடக்கக் கூடாது. தாழ்வான இருக்கை கூடாது, எழுந்திருக்க முடியாது. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, தாவக் கூடாது, முழங்காலைத் திருகக் கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். காதால் கேட்டால் போதுமா? என் இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மரஸ்கேலை வைத்துக் கிரேப் பேண்டேஜால் இறுக்கிச் சுற்றினேன். அதற்குமேல் வேட்டி. பரணிலிருந்து ஒரு பழைய கைத்தடி.

"பைத்தியம் முத்திப்போச்சி" என்று மனைவி சொன்னாள். ஆனாலும் ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். காலை மடக்க முடியாமல் பின்னால் நான் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வந்ததில், வீடு இருக்கிற கருவடிக்குப்பத்திலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு வண்டிக்காரனும் எங்கள் பக்கம் நெருங்கவில்லை.

முதலில் சுண்ணாம்பாறு படகு. துறையிலிருந்து ஆடுகிற படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். நீட்டிய கால் படகில், மற்ற கால் துறையில், நடுவில் நான். இரண்டு பேர் என்னை மூட்டையைப் போல உள்ளே இறக்கினார்கள். படகு ரத்து. அடுத்தது கடற்கரை மணல். கைத்தடி பாதி உள்ளே போனது. மணலும் ரத்து. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு காப்பிக்கடை, அழகான சோபா. உட்கார்ந்தது நினைவிருக்கிறது, எழுந்தது எப்படி என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது என் கால் ஓட்டுநரின் விலாவில் குத்தியது. மூன்று நாள் இப்படி அலைந்ததில் எஞ்சியது, பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகளை விடாமல் அடைத்த பிறகு கொஞ்ச தூரம் சமதரையில் நடந்துவிட்டு உயரமான நாற்காலி பார்த்து உட்காருவது மட்டும்தான்.

இதற்கிடையில் ஊர் சும்மா இருக்குமா? பீச் ரோட்டில் நான் கோணிக்கொண்டு நடந்ததைக் கோவில் பாடகர் குழு அம்மா ஒருத்தி பார்த்திருக்கிறாள். அன்று ராத்திரியே எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப்பில் செய்தி. அன்பியம் என்றால் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக்குழு. செபத்தைவிடச் செய்தி அதில் வேகமாகப் போகும். மறுநாள் சாயங்காலம் ஆப்பிளும் ஹார்லிக்சுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஒத்திகைதான் பாத்தேன்" என்று நான் எழுந்து நின்று காட்டினேன்.

"அப்படித்தான் சொல்வாரு, மனசுல தைரியசாலி" என்று என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு செபமாலை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் விட்டார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைத் தேற்றினார்கள்.

அந்தக் குழுவில் விழுப்புரத்துச் சம்பந்தம் உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் பதினோரு மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். எட்டிப் பார்த்தால் அக்கா. ஒரு கையில் கைத்தடி, மறு கையில் எவர்சில்வர் தூக்கு, தோளில் பை. கூட ஒருவரும் இல்லை. ஆட்டோவிலிருந்து இடது காலை முதலில் ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தாள். விழுந்துவிடப் போகிறாள் என்ற பதற்றத்தில் நான் நாலு படியையும் ஒரே தாவலில் தாண்டி ஓடினேன்.

அக்கா அப்படியே நின்றாள். என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, ஓடி வர்ற? ஒனக்குக் காலு ஒடஞ்சிடுச்சின்னு சொன்னாங்க?"

"ஒடையலக்கா..."

"ஒடையலையா? விடிகாலைல எழுந்து ஆட்டுக்கால் சூப்பு வெச்சி எடுத்துகினு வந்துருக்கேன்டா! ஏறும்மா ஏறும்மான்னு கத்துன கண்டக்டர்ட்ட, ஏறுறது புதுக்காலுடா, மெதுவாத்தான் ஏறுவேன்னு சண்ட போட்டுட்டு வந்துருக்கேன். ஒடையலையாம்!"

"பஸ்லயா வந்தீங்க அண்ணி? தனியாவா?" என்று என் மனைவி கேட்டாள்.

அப்போதுதான் அக்காவுக்கே உறைத்தது போலிருந்தது. தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆமா, பஸ்லதான் வந்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். மகனிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறாள். என் கால் உடைந்தது என்று கேட்டதும் தன் கால் ஞாபகமே அவளுக்கு வரவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கை உள்ளே கொண்டுபோனேன். கண் கலங்கிவிட்டது.

மரஸ்கேல் கதையை மனைவிதான் சொன்னாள், நடித்தும் காட்டினாள். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நன்றாகப் பின்னுக்கு மடக்கிக் காட்டினாள்.

"மடங்கறதுக்குத்தான்டா மூட்டு மாத்துனாங்க. மடங்காத காலக் கட்டிகினு ஊரு சுத்துனியே, யாரு காலுடா அது?"

என்னென்ன கூடாது என்று அந்தப் பெண்ணிடம் ஒன்று விடாமல் கேட்டவன், கால் எவ்வளவு மடங்கும் என்று கேட்கவில்லை.

சாப்பிட்டு, ஆட்டுக்கால் சூப்பை நான் ஒருவனே குடித்து முடித்த பிறகு அக்கா கேட்டாள். "சரி, எனக்கு இன்னா வெச்சிருக்க?"

"பீச் ரோட்டுல கொஞ்சம் நடந்துட்டு ஒக்காரலாம். அப்புறம் கோவில்ல ஒக்காரலாம். அப்புறம்..."

"எல்லாம் குந்துற எடமாவே இருக்குதே. நீ தெனம் சாயந்தரம் எங்க போவ?"

"பெத்தாங் ஆடப் போவேன். நீ இருக்கறவரைக்கும் போவலக்கா. சொன்ன சொல்லு சொல்லுதான்."

"ஏன், அங்கதான் போவலாம்."

பெத்தாங் பாண்டியை ஆண்ட பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன விளையாட்டு. சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் எறிந்துவிட்டு, அதை ஒட்டி இரும்புக் குண்டுகளை எறிய வேண்டும். மாலையானால் எங்கள் பக்கத்து மரத்தடி மைதானத்தில் ஓய்வு பெற்றவர்கள் அத்தனை பேரும் அங்கேதான். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அக்கா செருப்பை மாட்டிவிட்டாள்.

"சின்ன வயசுலேருந்து அப்பாவும் ஆம்பள பசங்க நீங்களும் ஆடுவீங்க. ஒங்க சட்டையும் செருப்பையும் புடிச்சிகினு நான் ஓரமா நிப்பேன். ஒரு தடவையாவது அந்தக் குண்ட என் கையில குடுத்தீங்களா?"

இல்லைதான்.

நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். கெட்டித்த சமதரை. அக்கா கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தாள். "எங்கக்காவுக்கு முட்டி ஆபரேஷன்" என்று நான் ஆரம்பித்ததுமே எங்கள் கோஷ்டியில் மூத்தவர் குறுக்கிட்டார்.

"இங்க எவனுக்குய்யா நல்ல முட்டி இருக்குது? வாங்கக்கா."

பாக்கெட்டிலிருந்து கயிற்றில் கட்டிய காந்தத்தை எடுத்துக் காட்டினார். குனியாமலே குண்டைத் தூக்குவதற்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வைத்திருப்பது; என் பையிலும் ஒன்று உண்டு. ஓட்டம் இல்லை, தாவல் இல்லை. வட்டத்துக்குள் நின்றுகொண்டு, குண்டு தரையில் விழும்வரை இரண்டு காலையும் எடுக்கக் கூடாது என்பதே சட்டம். இந்தச் சட்டத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் நான்தான். ஊரெல்லாம் ஸ்கேலைக் கட்டிக்கொண்டு சுற்றியவனுக்கு இந்த இடம் மட்டும் தோன்றவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அக்கா வட்டத்துக்குள் போய் நின்றாள். கைத்தடியை ஊன்றலாமா என்று யோசித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். முதல் குண்டு மூத்தவர் நின்ற பக்கமே போக, அவர் இந்த வயதில் அப்படித் துள்ளுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது குண்டு உருண்டுபோய் மரக்குண்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா தானே நடந்துபோய்க் காந்தத்தை இறக்கி, குண்டு அதில் 'டக்'கென்று ஒட்டியதும் குழந்தையைப் போலச் சிரித்தாள்.

"நீயும் வாய்யா" என்று என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்காகக் கொண்டுபோன நாற்காலியில் அதுவரை உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். அக்கா என்னைத் திரும்பவும் நாற்காலியில் அழுத்திவிட்டு, தன் தோளிலிருந்த பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"நீ குந்துடா. இதுல என் மாத்திரைல்லாம் இருக்குது, பத்தரமா பாத்துக்க."

இருட்டும்வரை ஆடினாள். நான் பையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.