ஆறு படங்களுக்கும் ஒரே வெயில்

மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வீட்டுப்படம் கீறும் கந்தோரில் ஒன்பது மாதம் இருந்தேன். அதுவரை எந்த வேலையிலும் அவ்வளவு காலம் தங்கியதில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவன், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். மதுரையில் ஒரு கடையில் தரை கூட்டப் போய், அங்கிருந்தவர்கள் கணினியில் வீடு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து நானும் பழகினேன். வரைபடத்தை வைத்துச் சுவர், கூரை, கதவு எல்லாம் கணினிக்குள் நிறுத்தி, கட்டி முடித்த வீட்டைக் கமராவால் எடுத்ததுபோல் படம் எடுப்பது. அதற்கு ரெண்டர் என்று பெயர். சண்டை முடிந்து சனங்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது நானும் மன்னாருக்கு வந்தேன். ஊரெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்ததால் வேலை கிடைத்தது.

கந்தோர்க்காரர், மன்னார் முஸ்லிம்களை வெளியேற்றியபோது போய்ப் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரை நானா என்பேன். எனக்கு ஒரு கதிரையும், பின்னறையில் படுக்க இடமும் தந்தார்.

வங்காலையிலிருந்து ஒரு அக்கா வந்தார். பழைய வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சிய காணியில் தகரக் கொட்டில் போட்டிருந்தார். காணி, கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணனின் பெயரில் இருந்தது. அண்ணன் அதை விற்றுவிட நினைத்தார். கடற்கரைக் காணி, கேட்டு ஆள் வந்திருந்தது. அதே அத்திவாரத்தில் வீடு எழும்பினால் எப்படி இருக்கும் என்று படம் அனுப்பினால் அண்ணன் மனம் மாறலாம், மாறாவிட்டால் தான் அந்த இடத்தை விட்டு எழும்பத்தான் வேண்டும் என்று அக்கா சொன்னார்.

ஆறு படம் செய்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழகாக்கினேன். வீடு மேற்கே கடலைப் பார்த்தது. ஆகவே முகப்புக்குப் பின்னேர வெயில் வைத்தேன். சமைக்கும் குசினி கிழக்கே, அதற்குக் காலை வெயில். மண்டபத்துக்கு மேகமூட்டமான ஒரு வானம். பின்னறை இருட்டாகத் தெரிந்ததால் வெளிச்சம் தர ஒரு விளக்கை ஒளித்து வைத்தேன். வெளிச்ச அளவையும், வெள்ளை எந்த நிறமாகத் தெரிய வேண்டும் என்பதையும் படத்துக்குப் படம் கணினியே தீர்மானிக்க விட்டிருந்தேன். மதுரையில் ஒரு வீட்டுக்கு ஒரு படம்தான் கேட்பார்கள். அந்தப் பழக்கம்.

அண்ணனின் அழைப்பு வந்தபோது அக்கா கந்தோரில் இருந்தார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உன்னை ஆரோ நல்லாப் பேய்க்காட்டிப் போட்டான்."

"ஏனண்ணை?"

"இது ஒரு வீடில்லை. முன் சுவர் மஞ்சள், மண்டபச் சுவர் பச்சை, குசினி நீலம். எங்கயோ கிடந்த ஆறு வீட்டுப் படத்தைப் பொறுக்கி உனக்குத் தந்திருக்கிறான். நான் ஆளுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்."

"இந்தக் கிழமை பொறுங்கோ அண்ணை."

"ஒரு கிழமைதான். ஏழு நாள்."

நானா படங்களை வாங்கிப் பார்த்தார். "எல்லாச் சுவருக்கும் ஒரே பெயின்ட்தானே குடுத்தாய்?"

"ஒண்டுதான் நானா."

"அப்ப சூரியன்தான் ஆறு. அல்லாஹ் ஒண்டுதான் தந்தவன், நீ கூடுதலா அஞ்சு படைச்சுப் போட்டாய்."

ஒரே நாளில் ஒரு ஆள் கமராவோடு போய் அந்த வீட்டைச் சுற்றி எடுத்ததுபோல் இருக்க வேண்டும் என்றார். அன்றைக்கே வங்காலைக்குப் போய் அத்திவாரத்தின் திசையைக் குறித்து வந்தேன். கணினி மாதிரியில் வடக்கைத் திருத்தினேன். இடம் வங்காலை, மாதம் பங்குனி, பின்னேரம் ஐந்து மணி. ஒரு சூரியன், ஒரு வானம். முகப்பு அந்த நேரத்தில்தான் எடுப்பாக இருக்கும். வெள்ளையின் நிறத்தை வெளிவெயிலுக்கு வைத்துப் பூட்டினேன். வெளிப்படங்களுக்கு ஒரே வெளிச்ச அளவு. உள்ளே எடுத்த மூன்றுக்கும் அதைவிடக் கூடுதல், ஆனால் மூன்றுக்கும் ஒரே அளவு. நிறம் மாறுகிறதா என்று ஒவ்வொரு அறையிலும் ஒரு சாம்பல் நிறப் பந்தை வைத்துப் பார்த்தேன். நிழலில் அது கொஞ்சம் நீலம் காட்டும். நிழல் விழுந்த அந்த ஒரு படத்தை மட்டும் திருத்தக் கை வரும். திருத்தினால் அந்தச் சுவர் மறுபடி வேறு வீட்டுச் சுவராகிவிடும். விட்டுவிட்டேன். பந்தை எடுத்துவிட்டு, ஆறையும் சின்னதாக்கி ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன். முதல் தடவையாக அது ஒரு வீடாக இருந்தது.

அக்கா வந்து தாளைப் பார்த்தார்.

"இது எத்தினை மணி தம்பி?"

"அஞ்சு மணி அக்கா."

மண்டபப் படத்தில் வாசல் வழியாக வந்த வெயில் நீளமாக நிலத்தில் கிடந்து பின்னறைப் படியைத் தொட்டது. அதன்மேல் விரலை வைத்தார்.

"இந்த வெயிலுக்குள்ளதான் எங்கட கடைசித் தம்பி செருப்புப் போட்டவன். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை, விடேல்லை. பதினேழு வயசு. நான் குசினிக்குள்ள நிண்டனான்." குசினிப் படத்தைக் காட்டினார். "இஞ்ச."

முதல் படங்களில் அந்த நேரம் முகப்பில் மட்டும் இருந்தது. நான் வேலையை ஒழுங்காகச் செய்ததால் இப்போது ஆறு படத்திலும், வீடு முழுக்க, அந்த ஐந்து மணி.

"வேற நேரம் வைக்கேலாதோ?"

"வைக்கலாம் அக்கா. காலமை வைச்சா முன்பக்கம் நிழலடிக்கும். வடிவா இராது."

"வடிவு வேண்டாம்."

நானா தலையைச் சொறிந்தார். "விக்கிறதுக்கு நிக்கிற ஆளுக்கு நிழல் வீட்டைக் காட்டச் சொல்லுறீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வை" என்றார்.

காலை எட்டு மணிக்கு நகர்த்தினேன். குசினியில் வெயில் நிறைந்தது. பின்னறை யன்னலால் வந்து வெறும் நிலத்தில் சதுரமாக விழுந்தது. அந்த அறைக்குள் நான் கட்டிலோ அலுமாரியோ வைத்திருக்கவில்லை. பந்தை வைத்துப் பார்க்கும்போது, யாரோ அப்போதுதான் எழும்பிப் போன அறையைப் பார்ப்பதுபோல் இருந்தது. திரையை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பெரியகடைப் பக்கம் பஸ் ஒன்று போகும் ஊரை, முருங்கன், முருங்கன் என்று கத்திக்கொண்டிருந்தது. ஏறிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்படி எத்தனையோ ஊரிலிருந்து ஏறியிருக்கிறேன். கிழமை முடிய இரண்டு நாள் இருந்தது. திரும்பி உள்ளே வந்தேன்.

முகப்பு நீல நிழலில் மங்கித்தான் கிடந்தது. பிரகாசமாக்காமல் அனுப்பினோம்.

மறுநாள் அண்ணன் எடுத்தார். குரல் மாறியிருந்தது.

"பிள்ளை, இது காலமைதானே?"

"ஓம் அண்ணை."

"முன் விறாந்தையில வெயில் இல்லை. அப்பா கிழிஞ்ச வலை பொத்த அங்கதான் இருக்கிறவர், பத்து மணி வரைக்கும் சுடாது எண்டு. பின்னறையில வெயில் விழுகுது. அது அவன்ர அறைதானே."

"ஓம்."

"விக்கேல்லை. கட்டு."

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நானா தேத்தண்ணி போடப் போனார்.

மேசனார் சுவருக்கு நூல் கட்டிய அன்று அக்கா மேற்குக் கதவை வைக்க விடவில்லை. அந்தச் சுவரில் கதவும் வேண்டாம், யன்னலும் வேண்டாம், வாசலை வடக்கே வையுங்கோ என்றார். எங்களைக் கேட்கவில்லை. மேசனார் நானாவுக்குப் போன் எடுத்தபோது, "அவ சொன்னமாதிரிக் கட்டும்" என்றார் நானா.

வீடு முடிந்து அண்ணன் வந்தபோது நானும் போயிருந்தேன். படங்களை அச்சடித்துக் கையில் கொண்டுவந்திருந்தார். பின்னேரம். மேற்குச் சுவர் ஒரு ஓட்டையும் இல்லாமல் முழு வெயிலில் நின்றது. அவர் அதன் முன்னால் நின்று படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, வாசல் இஞ்சதானே இருந்தது?"

"ஓம் அண்ணை."

"நீர்தானே கீறினது? பிறகேன் மாத்தினது?"

அக்கா வடக்குப் பக்கத்தால் தேத்தண்ணியோடு வந்தார். சுவரைப் பார்க்கவில்லை.

"நான்தான் மாத்தினனான்" என்றார். "உள்ளுக்கு வாங்கோ, வெயிலுக்க நிக்காமல்."