ஏழு வருஷம், ஆறு வேலை

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கல்லூரித் தோழி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பயோடேட்டாவும் அடித்துக் கொடுப்பாள். மதுரையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க, என் பழைய பயோடேட்டாவை அவளிடம் கொண்டுபோனேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஏழு வருஷத்தில் ஆறு இடம் மாறியிருந்தேன். எங்கும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை.

தோழி மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "ஏட்டி, இதப் பாத்தா ஒன்ன எல்லா எடத்துலயும் வெரட்டி விட்டுட்டாங்கன்னுல்லா நெனப்பாங்க."

"யாரும் வெரட்டல. காண்ட்ராக்ட் முடிஞ்சுது, வந்தேன்."

"அது ஒனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியுமா? மில்லுல ஒன்பது மாசம், ஆஸ்பத்திரியில எட்டு மாசம். ரெண்டையும் இழுத்து ரெண்டு வருஷமாக்கிருவோம்."

எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கே எந்த மாதம் சேர்ந்தேன், எந்த மாதம் விலகினேன் என்பதெல்லாம் பி.எஃப். கணக்கில் அப்படியே இருக்கிறது. வேலைக்கு எடுக்கிறவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். தேதியில் கை வைத்து மாட்டிக்கொண்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். வேண்டாம் என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "சரி, ஒவ்வொரு எடத்துலயும் ஒன்ன எதுக்குக் கூப்பிட்டாங்க, சொல்லு."

சொன்னேன். திருநெல்வேலி மருத்துவமனையில் பழைய நோயாளிகளின் காகிதக் கோப்புகளைக் கணினியில் ஏற்ற. ராஜபாளையம் மில்லில் உதிரிபாக ஸ்டோரின் பேரேடுகளை மென்பொருளுக்கு மாற்ற. இங்கே ஒரு பள்ளியில் மாணவர் பதிவேடுகளை. தென்காசி மருந்து மொத்த வியாபாரியிடம் சரக்குப் பட்டியலை. அப்புறம் வேறொரு மில்.

"எல்லாம் ஒரே வேலைதானட்டி" என்றாள். "நோட்டுல இருக்கத கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோறது. அங்க இருக்கவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்துருதது."

அவள் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முழு உண்மையா என்று உறுத்தியது. முதல் இரண்டும் கிடைத்ததால் போனவை. மூன்றாவதில்தான் மாறியது. பள்ளியில் வேலை முடிந்ததும் அலுவலகத்திலேயே நிரந்தரமாக இருக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று தென்காசிக்குப் போனேன். குழம்பிக் கிடப்பதை ஒழுங்குபடுத்துவது எனக்குப் பிடித்திருந்தது. ஒழுங்கான பிறகு அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. அம்மா அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இருவரும் ஒரே பக்கமாக எழுதினோம். மேலே இரண்டு வரியில், நான் செய்கிற வேலை என்ன என்பது. கீழே ஒப்பந்தப் பணிகள் என்ற ஒரே தலைப்பு. அதன்கீழ் ஒவ்வொன்றாக இடம், சரியான மாதங்கள், போனபோது என்ன நிலை, வந்தபோது என்ன முடிந்திருந்தது. கோயம்புத்தூர் கால் சென்டரில் மூன்று மாதம் இருந்தது மட்டும் எதிலும் ஒட்டவில்லை. அதைத் தனியாகப் போட்டோம்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. ஒரு சாரும் ஒரு மேடமும். மேடம்தான் கேட்டார்: "இத்தனை இடம் மாறியிருக்கீங்க. இங்கேயும் பாதியில போயிட மாட்டீங்களே?"

"பாதியில போனதில்லை மேடம். ஒவ்வொண்ணும் முடியுற வேலை. முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அஞ்சு இடத்துலயும் கேட்டுப் பாக்கலாம்."

"அப்போ கால் சென்டர்?"

இதற்கும் தோழியும் நானும் ஒரு பதிலைத் தயார் செய்திருந்தோம். வாடிக்கையாளர்களிடம் பேசக் கற்றுக்கொண்டேன் என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"அது இந்தக் கதையில சேராது மேடம். வேற வேலை இல்லாத நேரம், போனேன். பிடிக்கல. முறையா நோட்டீஸ் குடுத்துட்டு வந்தேன்."

அவர் குனிந்து ஏதோ எழுதினார். சார் அடுத்ததாக, பழகிய நோட்டை விட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஊழியரை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மில் ஸ்டோரில் ஒரு அண்ணாச்சியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியதைச் சொன்னேன். அண்ணாச்சியின் நோட்டில் இருந்த வரிசையிலேயே திரையையும் மென்பொருள்காரர்களிடம் சொல்லி மாற்றி வாங்கிக்கொடுத்த பிறகுதான் அவர் கணினியைத் தொட்டார். அதைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினோம்.

ஒரு வாரம் கழித்து அழைத்தார்கள். ஆறு மாத ஒப்பந்தம் என்றார் மேடம். எத்தனை மருத்துவமனை என்று கேட்டேன். நான்கு என்றார். "நாலுக்கு ஆறு மாசம் பத்தாது மேடம். ஒரு வருஷம் போடுங்க, முடிச்சுத் தாரேன்." யோசித்துச் சொல்வதாகக் கூறி போனை வைத்தார். மறுநாள் ஒரு வருஷத்துக்குக் கடிதம் வந்தது.

முதல் மருத்துவமனை சிவகிரியில். காலை எட்டு மணி பேருந்தில் போகிறேன். இன்னும் நிரந்தரம் இல்லையா என்று அம்மா கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.