மெஷின் எழுதியதும் நான் எழுதியதும்

கொல்கத்தாவில், கிடர்பூர் துறைமுகப் பகுதியில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் கிளையில் ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட வாரத்தில், எல்லோரும் தங்களைப் பற்றிய ப்ரொஃபைல் சுருக்கம் எழுதி அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. யார் இருப்பது, யார் போவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்று எல்லோரும் நம்பினோம்.

பக்கத்து சீட்டுக்காரன் ஏஐயிடம் கேட்டு எனக்கும் ஒன்று எடுத்துத் தந்தான். 'முடிவுகளை நோக்கிச் செயல்படும் துடிப்பான நிபுணர். சிறந்த தகவல் தொடர்புத் திறன் கொண்டவர்.' வீட்டில் என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாரும்மா இவங்க?" என்றார்.

"நான்தாங்க!"

"நல்லா இருக்கே! இதை உங்க ஆபீஸ் ப்யூனுக்கும் போடலாம், மேனேஜருக்கும் போடலாம். தினமும் வந்து என்கிட்ட புலம்புவியே, அதை எழுது."

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவையும் அழித்துவிட்டு, நான் பேசுகிற மாதிரியே எழுத உட்கார்ந்தேன். 'இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறு எடை என்றால் சுங்கத்தில் ஃபைல் செய்ய மாட்டேன். யார் கத்தினாலும் சரி. புயலில் சர்வர் படுத்த அன்று, கெட்டுப்போகும் மருந்துச் சரக்கைச் சுங்க அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அன்றைக்கே வெளியே எடுத்தேன். எந்தப் பார்ட்டி எதை மறைத்து எழுதும் என்று எனக்குத் தெரியும்.' எழுதி முடித்ததும் பெருமையாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாளே மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே லேப்டாப்புடன் இரண்டு வெளியாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் வழக்கம்போல் வங்க மொழியில்தான் பேசினார்; என்னை 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"தீதி, ரொம்பப் பிரமாதம். மேலிடத்துல அப்படியே படிச்சுக் காட்டினாங்களாம். பேப்பர்ல தப்பு இருந்தா தானே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் செய்யறாங்க. நீங்க எழுதின ஒவ்வொரு வரியையும் இவங்களுக்கு விளக்கமா சொல்லுங்க. எடையில எதைப் பார்ப்பீங்க, எந்தப் பார்ட்டிகிட்ட சந்தேகம் வரும், எல்லாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மற்றவர்கள் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களை எல்லாம் கூப்பிடலையா?"

"அவங்க எழுதினதுல எடுத்துக்க ஒண்ணும் இல்லையே" என்று சிரித்தார்.

வெளியாட்களில் ஒருவர் ரெக்கார்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"எல்லாத்தையும் சொல்லி முடிச்சப்புறம் என் வேலை?" என்று கேட்டேன்.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீ சொல்லியிருக்கேன் தீதி. குடிச்சிட்டு ஆரம்பிங்க" என்றார்.