காலரின் உள்மடிப்பு

வெள்ளைச் சட்டைக் காலரில் லிப்ஸ்டிக் பட்டுவிட்டால் எல்லோரும் முதலில் செய்வது தண்ணீரை ஊற்றித் தேய்ப்பதுதான். அதோடு கதை முடிந்தது. லிப்ஸ்டிக் என்பது எண்ணெயும் மெழுகும் சாயமும். தண்ணீரை அது மதிக்காது. தேய்க்கத் தேய்க்க, கடலையளவு இருந்த கறை உள்ளங்கை அகலத்துக்குப் போகும். அதன் மேல் இஸ்திரிப் பெட்டியையும் வைத்துவிட்டு, "எடுத்துக் குடுங்க" என்று எங்கள் கடைக்கு வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை சாயிபாபா காலனியில் ஒரு குறுக்குத் தெருவில் நானும் என் கணவரும் லாண்டரி நடத்தினோம். அவர் முன்பக்கம் நின்று கரிப்பெட்டியால் இஸ்திரி போடுவார். எனக்குக் கறை எடுக்கும் வேலை. வெள்ளைப் பெட்ரோல் புழங்குகிற வேலை என்பதால் நெருப்புக்கு எட்டாமல் பின்கட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வேன். ஒரு மேஜை, மழுங்கிய கத்தி, பஞ்சு, பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள். அவ்வளவுதான் என் சாமான்.

லிப்ஸ்டிக்கையும் முகத்துக்குப் பூசும் பவுண்டேஷனையும் எடுப்பதில் எனக்குப் பெயர் உண்டு. மேலே தடிப்பாக நிற்பதைக் கத்தி முதுகால் வழித்தெடுப்பேன். கறை பட்ட பக்கம் கீழே இருக்கும்படி வேட்டித் துண்டின் மேல் கவிழ்ப்பேன். பின்பக்கத்திலிருந்து பெட்ரோல் நனைத்த பஞ்சால் ஒற்றுவேன், தேய்க்கமாட்டேன். ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் வரவேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் வட்டம் பெரிதாகும். சாயம் கீழே இருக்கும் துண்டில் இறங்கும். ஒவ்வொரு தடவையும் துண்டை நகர்த்திப் புது இடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறங்கினது திரும்ப ஏறிவிடும். எண்ணெய்ப் பசை முழுக்கப் போன பிறகுதான் சோப்புத் தண்ணீர். கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நிழல்கூட இல்லை என்று தெரிந்தால்தான் இஸ்திரிக்குக் கொடுப்பேன்.

முகம் துடைக்கிற துண்டில் கறை பட்டிருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். பூந்துண்டின் ஒவ்வொரு நூல் சுருளுக்குள்ளும் சாயம் போய் உட்கார்ந்திருக்கும். பிரஷ்ஷின் நுனியால் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும்.

வாராவாரம் திங்கட்கிழமை ஓர் அக்கா வருவார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரருக்கு மோட்டார் பம்பு விற்கிற கம்பெனியில் நாலு பேரைப் பார்த்துப் பேசுகிற வேலை. அவருடைய வெள்ளைச் சட்டைகள் மூன்று, ஒரு துண்டு. மூன்று சட்டையின் காலரிலும் மாநிறத்தில் பவுண்டேஷன், அதில் கலந்து செம்பழுப்பாக லிப்ஸ்டிக். துண்டில் லிப்ஸ்டிக் தனியாகத் தெரியும். அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

"தெரியாம எடுத்துக் குடுங்க அம்மணி."

எனக்கு வயிறு எரியும். கல்யாண வயதில் ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரியும். சில நாள் அவள்தான் துணி வாங்க வருவாள். மகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவளோ ஒருத்தியின் பூச்சைக் காலரில் வாங்கிக்கொண்டு வருவானா? அதைக் கட்டினவளே தூக்கிக்கொண்டு வந்து வெளுக்கக் கொடுப்பாளா? அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். கணவரிடம்தான் பொருமுவேன். அவர் கரியை விசிறிக்கொண்டே சொல்வார்.

"எல்லாக் கறைக்கும் மருந்து வெச்சிருக்கற. உன்ற வாய்க்குத்தான் ஒண்ணும் கெடைக்க மாட்டீங்குது."

நான் அந்தக் காலர்களை ஏறக்குறைய ஒரு வருடம் வெளுத்தேன். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

ஐப்பசியில் ஒரு வாரம் அக்கா மூன்று சட்டையோடு ஒரு பட்டுச் சட்டையும் கொடுத்தார். மகளுக்குத் தாராபுரம் பக்கம் இடம் அமைந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்கிறோம் என்றார். எங்கள் பக்கம் அது நடந்துவிட்டால் கல்யாணம் உறுதி. அன்றைக்குத்தான் அக்கா சிரித்து நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் துணி வாங்க அக்காவின் வீட்டுக்காரரே வந்தார். கூடவே வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர். கம்பெனி ஆள் என்று நினைத்தேன். என் கணவர் கரி வாங்கப் போயிருந்தார். நான்தான் துணியை எடுத்து வைத்தேன். சட்டைகளுக்கு மேல் துண்டு, பால் மாதிரி வெள்ளையாக. அதை வெளுக்க எனக்கு அரைநாள் பிடித்திருந்தது.

"கறையெல்லாம் சுத்தமாப் போயிருச்சுங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

சாதாரணமாகக் கேட்டதுதான். எனக்குத்தான் தாங்கவில்லை.

"நான் எடுத்துட்டேதானுங்க இருக்கறன், நீங்க கொண்டாந்துட்டேதான இருக்கறீங்க? வாராவாரம் காலர்ல லிப்ஸ்டிக்கும் பவுண்டேஷனும். அந்த அக்கா தலையக் குனிஞ்சுட்டுக் கொண்டாந்து குடுக்கறதப் பாத்தா எனக்கு வவுறு எரியுதுங்க. கல்யாண வயசுல பொண்ண வெச்சுட்டு இதெல்லாம் வேணுமாங்க?"

பக்கத்தில் நின்ற பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க சம்பந்தி, இந்தப் புள்ள என்ன சொல்லுது?"

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா. மறுநாள் விசேஷத்துக்கு முன்கூட்டியே ஊரிலிருந்து வந்திருக்கிறார்.

பெண்ணின் அப்பா நான் வெளுத்து வைத்த துண்டை எடுத்து விரித்தார். காதுக்குக் கீழிருந்து தொண்டை வரைக்கும் அழுத்தித் துடைத்தார். மறுபக்கமும் துடைத்தார். கடைசியாக உதட்டைத் துடைத்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். உதட்டோரம் இரண்டும் வெளுத்திருந்தன. துண்டில் மாநிறமும் செம்பழுப்பும் இழுவிக் கிடந்தன.

"இதுதானுங்க அந்தக் கறை. வேற பொம்பள யாருமில்லீங்க. எனக்கு வெண்புள்ளிங்க, ரண்டு வருசமாச்சு. கல்யாணம் முடியற வரைக்கும் மறைச்சுப்போடலாம்னு இருந்தனுங்க. தப்புத்தானுங்க."

அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சம்பந்தியிடம் சொன்னார். பொம்பளைப் பொறுக்கி என்று பெயர் வாங்கினாலும் இடம் போய்விடும், கழுத்தைக் காட்டினாலும் போய்விடும். மனைவிக்கும் மகளுக்கும் அசிங்கமில்லாத வழியை அவர் எடுத்தார். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

தொட்டால் ஒட்டாது என்று டாக்டர்கள் எவ்வளவு சொன்னாலும், அன்றைக்கு ஊரில் அதைக் குஷ்டம் என்றுதான் சொன்னார்கள். பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஊட்டுல ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்றார். இரண்டு பேரும் வந்த ஸ்கூட்டரில் ஏறாமல் பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையில் நடந்து போனார். பெண்ணின் அப்பா துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். துண்டு மட்டும் மேஜையிலேயே கிடந்தது.

கணவர் திரும்பி வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. துண்டை எடுத்துப் பார்த்தார்.

"கறை காலருக்கு உள்ளதான இருந்துச்சு. துணியில நம்பர்ச் சீட்டு கோக்கறப்ப எப்பவும் பாப்பன். வெளிய ஒருநாளும் பட்டதில்ல. உனக்குத் தெரியும்னே நெனச்சன்."

எனக்குத் தெரியவில்லை. நான் காலரை ஒருநாளும் மடிப்போடு பார்த்ததே இல்லை. துணி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலரைத் தூக்கி விரித்துவிடுவேன். அப்படி விரித்தால் கழுத்தில் படுகிற பட்டையும், வெளியே தெரிகிற பகுதியும் ஒரே பக்கமாக, ஒரே துணியாகக் கிடக்கும். நடுவில் ஒரு மடிப்புக் கோடுதான் வித்தியாசம். இன்னொருத்தியின் முகம் பட்டிருந்தால் கறை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும். அவருடையது எல்லாமே இந்தப் பக்கம், கழுத்தைச் சுற்றி ஒரே உயரத்தில். கறையை எப்படி இறக்குவது என்பதை மட்டும் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்தக் கோடு படவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

துண்டை நான் இரண்டு நாள் வெளுத்தேன். அழுத்தித் துடைத்ததில் சாயம் நூலின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. அடியில் துணி மாற்றி மாற்றி, பஞ்சு மாற்றி மாற்றி, கை எரிய எரிய ஒற்றினேன். எடுத்தும்விட்டேன். மடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார். உள்ளே வரச்சொல்லி உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுத்தார். துண்டை நீட்டினேன்.

"கடையில கெடைக்கற பவுண்டேஷன் எல்லாம் வெள்ளத் தோலுக்குப் பண்றதுங்க அம்மணி. இவரு நெறத்துக்கு ஒத்து வராது. அதனால லிப்ஸ்டிக்க ஒரு துளி கலக்கி நானேதான் பூசி உடுவன், தெனமும் காலைல" என்றார் அக்கா.

நான் ஒரு வருடமாக எவளையோ திட்டிக்கொண்டிருந்தேன். அது அந்த அக்காவின் விரல்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க அக்கா."

அக்கா துண்டை வாங்கி, விரித்து, இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"நல்லா எடுத்திருக்கறீங்க" என்றார். பிறகு, "ஒரு வருசமா வாராவாரம் உங்க முன்னாலதானுங்க அம்மணி நின்னன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார்.

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் மூன்று சட்டை, ஒரு துண்டு வந்தது. மகள்தான் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். இந்த முறை காலரைத் தூக்காமல், மடிப்போடு வைத்து முதலில் வெளியே பார்த்தேன். பிறகு உள்ளே பார்த்தேன். வேர்வைக் கோடு மட்டும் இருந்தது. துண்டை விரித்தேன், அதிலும் ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நாங்கள் கடையைக் காலி செய்யும் வரைக்கும் அந்தச் சட்டைகளில் எனக்கு வேலையே வரவில்லை.